வெளியேறும் காற்றிடமிருந்து வெப்பத்தை வாங்குவது எப்படி?

டொரன்டோ போன்ற ஊரில் ஜனவரி மாதம் வெளியே மைனஸ் 15 டிகிரி இருப்பது அதிசயமில்லை. அப்படி ஒரு நாளில், ரசாயன ஆய்வுக்கூடம் ஒன்றின் மொட்டை மாடி ஃபேன் 22 டிகிரி சூடான காற்றை இரவு பகலாக வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். அமில ஆவியும் கரைப்பான் நெடியும் கலந்த காற்று என்பதால் அதை மறுபடி உள்ளே விட முடியாது. வெளியே போன அளவுக்குப் புதுக்காற்றை இழுத்து, 20 டிகிரிக்குச் சூடாக்கி அறைகளுக்கு அனுப்பியாக வேண்டும். விநாடிக்கு 5 கன மீட்டர் காற்று என்று வைத்துக்கொள்வோம். அதன் எடை சுமார் 6 கிலோ. அதை ஒரு டிகிரி ஏற்ற 6 கிலோவாட் வேண்டும்; 35 டிகிரி ஏற்ற 210 கிலோவாட்.

இதில் பாதியை வெளியேறும் காற்றிடமிருந்தே வாங்கிவிடலாம். வெளியேறும் குழாயில் ஒரு காயில், உள்ளே வரும் குழாயில் இன்னொன்று. இரண்டும் கார் ரேடியேட்டர் மாதிரிதான். இரண்டையும் குழாயால் இணைத்து, கிளைகோல் கலந்த தண்ணீரை ஒரு பம்ப் சுற்றிச் சுற்றி ஓட்டுகிறது. இதற்கு ரன்-அரவுண்ட் காயில் என்று பெயர். சுழலும் சக்கரம் வைத்த சாதனங்கள் இதைவிட அதிக வெப்பத்தை மீட்கும். ஆனால் அவற்றில் கெட்ட காற்று கொஞ்சம் நல்ல காற்றில் கசியும். இங்கே இரண்டு காற்றும் சந்திப்பதே இல்லை. ஒரு காயில் மாடியிலும் மற்றது அடித்தளத்திலும் இருந்தால்கூடப் பரவாயில்லை.

எவ்வளவு மீட்கிறது என்பதைத் தெர்மாமீட்டரை வைத்தே கண்டுபிடிக்கலாம். மைனஸ் 15-இல் நுழைந்த புதுக்காற்று காயிலைத் தாண்டும்போது 3.5 டிகிரி காட்டுகிறது என்றால், ஏறியது 18.5 டிகிரி. உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள மொத்த வித்தியாசம் 37. முந்தையதைப் பிந்தையதால் வகுத்தால் 0.5, அதாவது மீட்புத் திறன் 50 சதவீதம். மிச்சம் 111 கிலோவாட். வரும் காற்றும் போகும் காற்றும் ஒரே அளவாக இருந்தால்தான் இவ்வளவு எளிய கணக்கு செல்லும்.

இங்கே பலர் சறுக்குகிற இடம் பம்ப். வேகமாக ஓட்டினால் அதிக வெப்பம் வரும் என்று நினைத்துத் திறந்துவிடுகிறார்கள். உண்மையில், கிளைகோலை ஒரு டிகிரி ஏற்றத் தேவையான வெப்பமும் காற்றை ஒரு டிகிரி ஏற்றத் தேவையான வெப்பமும் சமமாக இருக்கும்போதுதான் மீட்பு உச்சத்தில் நிற்கும். நம் கணக்குக்கு விநாடிக்கு 1.6 லிட்டர் போதும். அதற்கு மேல் ஓட்டினால் மின்சாரம்தான் வீண்.

இனி உறைபனி. 50 சதவீதம் மீட்க வேண்டுமானால், புதுக்காற்றுக்கு வெப்பத்தைக் கொடுத்துவிட்டுத் திரும்பும் கிளைகோல் ஏறக்குறைய மைனஸ் 6 டிகிரிக்கு இறங்கியிருக்கும். கிளைகோலுக்கு அதனால் ஆபத்தில்லை. 40 சதவீதக் கலவை மைனஸ் 20-இலும் உறையாது. ஆபத்து அது போய்ச் சேரும் வெளியேற்றக் காயிலுக்குத்தான். அறைக் காற்றின் ஈரப்பதம் 30 சதவீதம் என்றால், 4 டிகிரிக்குச் சற்றுக் கீழே இறங்கியதுமே அந்த ஈரம் தகடுகளில் துளிர்க்கும். தகடு பூஜ்யத்துக்குக் கீழே போனால் துளி பனிக்கட்டியாகி, தகடுகளின் இடுக்கை அடைத்துவிடும். காற்று ஓட்டம் குறையும், ஆய்வுக்கூடத்துப் புகைக்கூண்டு நச்சாவியைச் சரியாக இழுக்காது. ஃபேன் அதே வேகத்தில் ஓடும்போது காயிலின் இருபுறமும் உள்ள அழுத்த வித்தியாசம் மணிக்கு மணி ஏறிக்கொண்டே போனால், உள்ளே பனி கட்டுகிறது என்று அர்த்தம்.

இதைத் தடுப்பது ஒரு மூவழி வால்வு. வெளியேற்றக் காயிலுக்குள் நுழையும் கிளைகோல் மைனஸ் 1-க்குக் கீழே போகாதபடி அது பார்த்துக்கொள்கிறது. எப்படி என்றால், வெளியேற்றக் காயிலில் சூடேறி வரும் கிளைகோலில் ஒரு பங்கைப் புதுக்காற்றுக் காயிலுக்கு அனுப்பாமல் குறுக்கு வழியில் திருப்பிக் கலந்துவிடும். நம் கட்டடத்தில் வெளியே மைனஸ் 9 வரை வால்வுக்கு வேலையில்லை. மைனஸ் 15-இல் அது திறந்தே ஆக வேண்டும். அப்போது மீட்பு 111-இலிருந்து 92 கிலோவாட்டாகக் குறையும். காயிலைப் பெரிதாக்கி மீட்புத் திறனைக் கூட்டினால் மொத்த மீட்பு உயரும்தான், ஆனால் கிளைகோல் இன்னும் குளிர்ந்து, வால்வு முன்கூட்டியே திறக்கும். ஈரப்பதம் மிகக் குறைந்த அறைகளில் பனிக்கு நீரே கிடைக்காது, அங்கே இந்த வரம்பைத் தளர்த்தலாம்.

ஆக, காயில் விற்பவர் சொல்லும் 50 சதவீதம் கடுங்குளிர் நாளில் கிடைப்பதில்லை. பாய்லருக்கு 210-இலிருந்து 111 கழித்து 99 கிலோவாட் போதும் என்று கணக்குப் போட்டால் அன்று கட்டடம் குளிரில் நடுங்கும். குறைந்தது 118 வேண்டும். பம்ப் நின்றாலும் வேலை நிற்கக் கூடாத ஆய்வுக்கூடம் என்றால் முழு 210-க்கே வாங்கி வையுங்கள். மீட்பு எரிபொருள் செலவைத்தான் குறைக்கும், பாய்லரின் அளவை அல்ல.