லித்தியம் உடைந்தபோது காணாமல் போன எடை

1932 ஏப்ரலில் கேம்பிரிட்ஜின் கேவண்டிஷ் ஆய்வகத்தில் காக்ராஃப்டும் வால்டனும் லித்தியத்தின் மீது புரோட்டான்களை வேகமாக மோதவிட்டார்கள். துத்தநாக சல்ஃபைடு திரையில் ஒளிப்பொட்டுகள் மின்னின. லித்தியம் அணுக்கரு புரோட்டானை விழுங்கி, இரண்டு ஹீலியம் கருக்களாகப் பிளந்திருந்தது.

அந்த வேகம் எங்கிருந்து வந்தது? எடை போட்டாலே தெரியும். லித்தியம்-7 அணுவின் நிறை 7.016003 அணு நிறை அலகு, ஹைட்ரஜன் 1.007825. கூட்டினால் 8.023828. இரண்டு ஹீலியம் அணுக்களோ 8.005206 மட்டுமே. குறைவது 0.018622. ஓர் அலகு நிறை 931.5 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுக்குச் சமம் என்பதால், பெருக்கினால் ஏறக்குறைய 17.3 மில்லியன். அவர்கள் அளந்ததும் கிட்டத்தட்ட அதுவே. ஐன்ஸ்டீனின் சமன்பாடு ஆய்வகத்தில் கண்முன்னே சரிபார்க்கப்பட்ட தருணம் அது.

இங்கே தசமங்களைச் சுருக்கக் கூடாது. 7.02, 1.01, 4.00 என எழுதினால் வித்தியாசம் 0.03 ஆகி, விடை 28 மில்லியனுக்குத் தாவிவிடும்.

இதே கணக்கைப் பிணைப்பாற்றல் வழியாகவும் போடலாம். கருவைத் தனித்தனித் துகள்களாகப் பிரிக்கத் தேவையான ஆற்றல் அது. லித்தியம்-7இல் துகளுக்கு 5.606 வீதம் ஏழு துகளுக்கு 39.24. ஹீலியத்தில் துகளுக்கு 7.074, எட்டுத் துகளுக்கு 56.59. தனிப் புரோட்டானுக்குப் பிணைப்பு இல்லை. கழித்தால் மறுபடியும் அதே 17.35. துகள்கள் இன்னும் இறுக்கமாகப் பிணைந்துகொண்டதால் மிஞ்சிய ஆற்றலே ஹீலியம் கருக்களைத் துரத்தியது.