வரிசையில் பெரிய எண் எது? 8085 தேடும் வழி

இன்டெல் நிறுவனம் 1976-இல் வெளியிட்ட 8085 ஓர் எட்டு பிட் மைக்ரோபிராசசர். ஒரு நேரத்தில் ஒரு பைட்டை, அதாவது 0 முதல் 255 வரையுள்ள ஓர் எண்ணைக் கையாளக்கூடியது. 65,536 நினைவக இடங்களை இதனால் எட்ட முடியும். தமிழ்நாட்டின் பாலிடெக்னிக், பொறியியல் கல்லூரி ஆய்வகங்களில் இந்தச் சிப்பை வைத்து அசெம்பிளி கற்ற மாணவர்கள் ஏராளம். அவர்களுக்குத் தரப்படும் முதல் சில பயிற்சிகளில் ஒன்று, நினைவகத்தில் அடுத்தடுத்து வைக்கப்பட்ட எண்களில் மிகப் பெரியதைக் கண்டுபிடிப்பது. நிரல் சிறியது. ஆனால் பாயிண்டர், ஃபிளாக், லூப் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று எப்படிச் சார்ந்திருக்கின்றன என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் பயிற்சி குறைவு.

8085-க்கு வரிசை என்றால் என்னவென்று தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் முகவரியும், அந்த முகவரியில் இருக்கும் பைட்டும்தான். ஐந்து எண்கள் 4201H முதல் 4205H வரை இருந்தால், அவற்றை ஒரு வரிசையாகப் பார்ப்பது நிரலை எழுதுபவரே. LDA 4201H என்று முகவரியைக் கட்டளைக்குள்ளேயே எழுதி ஓர் எண்ணை எடுக்கலாம். ஆனால் அடுத்த எண்ணுக்கு இன்னொரு கட்டளை வேண்டும், நூறு எண்களுக்கு நூறு கட்டளைகள். இதைத் தவிர்க்கவே பாயிண்டர். H, L என்ற இரண்டு எட்டு பிட் ரெஜிஸ்டர்களை இணைத்து HL என்ற பதினாறு பிட் ஜோடியாக்கி, அதில் முகவரியை வைத்துவிட்டால், M என்று எழுதும் இடத்திலெல்லாம் பிராசசர் அந்த முகவரியில் உள்ள பைட்டை எடுத்துக்கொள்ளும். HL-இல் ஒன்றைக் கூட்டினால், அதே கட்டளை அடுத்த எண்ணைப் படிக்கும்.

இனி நிரலைப் பார்க்கலாம். எத்தனை எண்கள் என்ற கணக்கு 4200H-இலும், எண்கள் 4201H முதலும் இருக்கின்றன. விடை 4300H-இல் வைக்கப்படும்.

```
       LXI H,4200H
       MOV B,M
       INX H
       MOV A,M
       DCR B
       JZ  STORE
LOOP:  INX H
       CMP M
       JNC SKIP
       MOV A,M
SKIP:  DCR B
       JNZ LOOP
STORE: STA 4300H
       HLT
```

முதல் வரி HL-ஐ 4200H-இல் நிறுத்துகிறது. அங்குள்ள கணக்கு B-க்குப் போகிறது. பாயிண்டர் ஓர் இடம் நகர்ந்து முதல் எண்ணில் நிற்கிறது. அந்த எண் அக்யுமுலேட்டருக்கு, அதாவது A-க்கு வருகிறது. வேறு எண் எதையும் இன்னும் பார்க்காததால், இதுவரை கண்டதில் பெரியது இதுவே. ஓர் எண்ணைப் பார்த்தாகிவிட்டதால் B-யில் ஒன்று குறைகிறது. வரிசையில் ஒரே எண் இருந்தால் B அப்போதே பூஜ்யமாகும், நிரல் நேராக விடையைச் சேமிக்கப் போய்விடும்.

நிரலின் உயிர் CMP M என்ற வரியில் இருக்கிறது. இந்தக் கட்டளை A-யிலிருந்து M-ஐக் கழித்துப் பார்க்கும், ஆனால் கழித்த விடையை எங்கும் வைக்காது. A பழையபடியே இருக்கும். மாறுவது ஃபிளாக்குகள் மட்டும். A சிறியதாக இருந்தால் கழிக்கக் கடன் வாங்க வேண்டியிருக்கும், அப்போது கேரி ஃபிளாக் 1 ஆகும். A பெரியதாகவோ சமமாகவோ இருந்தால் கேரி 0. அடுத்து வரும் JNC, கேரி 0 என்றால் SKIP-க்குத் தாவுகிறது. தாவாவிட்டால் புதிய எண்தான் பெரியது, MOV A,M அதை A-க்குக் கொண்டுவருகிறது. சம எண் வந்தால் மாற்றம் நடக்காது என்பதையும் கவனிக்க வேண்டும். ஒரே பெரிய எண் இரண்டு இடத்தில் இருந்தால் A-யில் நிற்பது முதலில் வந்தது.

ஓர் உதாரணத்தை ஓட்டிப் பார்க்கலாம். 4200H-இல் 05 என்ற கணக்கு. தொடர்ந்து 27, 5C, 41, 9E, 13 என்ற ஹெக்ஸ் எண்கள். பத்தடிமானத்தில் இவை 39, 92, 65, 158, 19. தொடக்கத்தில் A-யில் 39, B-யில் 4. முதல் சுற்றில் 39-ம் 92-ம் ஒப்பிடப்படுகின்றன. கேரி 1 ஆகிறது, A-க்கு 92 வருகிறது. இரண்டாம் சுற்றில் 65, கடன் தேவையில்லை, A அப்படியே. மூன்றாம் சுற்றில் 158 வந்து 92-ஐ இடம்பெயர்க்கிறது. நான்காவதில் 19, மாற்றமில்லை. B பூஜ்யமாகிறது, JNZ திரும்பத் தாவாமல் கீழே விடுகிறது, 4300H-இல் 9E பதிவாகிறது. மாற்றம் நடக்காத ஒரு சுற்றுக்கு 37 கடிகாரத் துடிப்புகளும், மாற்றம் நடக்கும் சுற்றுக்கு 41-ம் ஆகும். 3 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஒரு சுற்று ஏறக்குறைய 12 முதல் 14 மைக்ரோவினாடி.

இந்த லூப் சரியாக ஓடுவதற்கு எந்தக் கட்டளை எந்த ஃபிளாக்கைத் தொடும் என்ற விவரமே அடிப்படை. DCR B பூஜ்ய ஃபிளாக்கை மாற்றும், அதனால்தான் உடனே JNZ வைக்க முடிகிறது. INX H எந்த ஃபிளாக்கையும் தொடாது. எனவே அதை CMP-க்கும் JNC-க்கும் நடுவில் வைத்தாலும் ஒப்பீட்டின் முடிவு கெடாது. ஆனால் அப்படி வைத்தால், பின்னால் வரும் MOV A,M ஒப்பிட்ட எண்ணை அல்ல, அதற்கு அடுத்த எண்ணை எடுத்துவிடும். ஃபிளாக் சரி, பாயிண்டர் தப்பு. இரண்டையும் தனித்தனியே கண்காணிக்க வேண்டும்.

பாயிண்டரில் நேரும் பிழைகள் பெரும்பாலும் சத்தமில்லாதவை. INX H-க்குப் பதிலாக INR L என்று எழுதினால் சிறிய வரிசைகளில் எந்தக் குறையும் தெரியாது. வரிசை 42FFH-ஐத் தாண்டும்போதுதான் சிக்கல்: L மட்டும் FF-இலிருந்து 00-க்குத் திரும்பும், H மாறாது, பாயிண்டர் 4300H-க்குப் போகாமல் 4200H-க்கே வந்துவிடும். ஹெக்ஸ் விசைப்பலகையில் கையால் அடிப்பவர்கள் செய்யும் இன்னொரு பிழை, முகவரியின் பைட்டுகளை இடம் மாற்றி அடிப்பது. LXI H,4200H என்பதை 21 00 42 என்றே அடிக்க வேண்டும், கீழ்ப் பைட் முதலில். 21 42 00 என்று அடித்தால் HL 0042H-ஐக் காட்டும். 8085 ரீசெட் ஆனதும் 0000H-இலிருந்து தொடங்குவதால், பயிற்சிக் கருவிகளில் அந்தப் பகுதியில் மானிட்டர் நிரல் குடியிருக்கும். அதன் பைட்டுகளையே எண்களாக எடுத்துக்கொண்டு நிரல் ஒழுங்காக ஓடி முடியும், விடை மட்டும் பொருளற்றது.

கணக்கில் ஒன்று பிசகுவது இன்னும் ஏமாற்றும். முதல் எண்ணை எடுத்தபின் B-யைக் குறைக்க மறந்தால், லூப் வரிசையைத் தாண்டி ஒரு பைட் கூடுதலாகப் படிக்கும். அங்கே தற்செயலாகச் சிறிய எண் இருந்தால் விடை சரியாகவே வரும், பிழை மறைந்தே இருக்கும். இதைப் பிடிக்க எளிய வழி உண்டு: வரிசைக்கு அடுத்த இடத்தில் FF-ஐ வைத்து ஓட்ட வேண்டும். வரிசையில் FF இல்லாதபோது விடை FF என்று வந்தால் லூப் எல்லை மீறியிருக்கிறது. பெரிய எண்ணை முதலிலும் கடைசியிலும் மாற்றி மாற்றி வைத்துப் பார்ப்பதும் அவசியம். கணக்கே 00 ஆக இருந்தால் மேலே உள்ள நிரலும் தவறும். 00-இலிருந்து ஒன்றைக் குறைத்தால் FF, லூப் 255 முறை சுற்றும். வெற்று வரிசைக்குப் பெரிய எண் என்று ஒன்றே கிடையாது என்பதால், அந்த நிலையைத் தொடக்கத்திலேயே சோதித்து விலக்குவதுதான் முறை.

குறி உள்ள எண்கள் தனிக் கவனம் கேட்கின்றன. 9E என்ற பைட்டைக் குறியில்லாத எண்ணாகப் படித்தால் 158, இரண்டின் நிரப்பி முறையில் படித்தால் −98. பைட்டில் வேறுபாடு எதுவும் இல்லை. CMP-யும் JNC-யும் முதல் வகையில் மட்டுமே ஒப்பிடுகின்றன. குறி ஃபிளாக்கைப் பார்க்கும் JP-யை JNC-க்குப் பதிலாக வைத்தால் சரியாகிவிடும் என்று தோன்றும், ஆகாது. நம் வரிசையிலேயே 92-இலிருந்து −98-ஐக் கழித்தால் 190 வர வேண்டும். அது −128 முதல் 127 வரையான எல்லைக்குள் அடங்காததால் பைட்டில் BE என்று பதிவாகி, குறி ஃபிளாக் எதிர்மறை என்று பொய் சொல்லும். நிரல் 92-ஐ விட்டு −98-ஐப் பெரியதாக எடுத்துக்கொள்ளும். 8086-இல் ஓவர்ஃப்ளோ ஃபிளாக்கும், அதைக் கணக்கில் எடுக்கும் JG போன்ற கட்டளைகளும் உண்டு. 8085-இன் அதிகாரபூர்வக் கட்டளைத் தொகுப்பில் அவை இல்லை. அதற்கான மாற்றுவழி, ஒப்பிடும் முன் ஒவ்வொரு எண்ணின் மேல் பிட்டையும் XRI 80H மூலம் திருப்பிவிடுவது. −128 பூஜ்யமாகவும் 127 என்பது 255 ஆகவும் மாறும், வரிசைக்கிரமம் குலையாது. 5C இப்போது DC, 9E இப்போது 1E. கிடைத்த DC-யை மறுபடி 80H-ஆல் திருப்பினால் 5C, அதாவது 92, சரியான விடை.

B ஒரு பைட் மட்டுமே என்பதால் இந்த நிரல் 255 எண்களுக்கு மேல் எண்ணாது. அதைத் தாண்ட வேண்டுமானால் கணக்கை BC ஜோடியில் வைக்க வேண்டும். இங்கேயும் ஃபிளாக் குறுக்கே நிற்கிறது. DCX B எந்த ஃபிளாக்கையும் மாற்றாது, எனவே அதற்குப் பின் நேராக JNZ வைத்தால் முந்தைய ஏதோ ஒரு கட்டளை விட்டுச்சென்ற ஃபிளாக்கைத்தான் அது பார்க்கும். B, C இரண்டையும் OR செய்து பூஜ்யமா என்று சோதிக்க A தேவைப்படுகிறது. A-யிலோ பெரிய எண் உட்கார்ந்திருக்கிறது. அதனால் பெரிய எண் D-க்கு இடம் மாற வேண்டும். முதல் எண்ணை முன்பே D-யில் வைத்து, HL அந்த எண்ணிலேயே நிற்கையில் லூப் தொடங்குகிறது:

```
LOOP:  MOV A,D
       CMP M
       JNC SKIP
       MOV D,M
SKIP:  INX H
       DCX B
       MOV A,B
       ORA C
       JNZ LOOP
```

முதல் எண் தன்னோடு தானே ஒப்பிடப்படும். சமம் என்பதால் ஒன்றும் மாறாது. மாற்றமில்லாத ஒரு சுற்றுக்கு இப்போது 51 துடிப்புகள் ஆகின்றன, முன்பைவிட 14 கூடுதல். 3 மெகாஹெர்ட்ஸ் 8085-இல் ஆயிரம் எண்களை இந்த லூப் சுமார் 17 மில்லிவினாடியில் தேடி முடித்துவிடும்.