பொங்கல் ஏன் 15-க்குப் போனது?

2022-இல் பொங்கல் ஜனவரி 14. அடுத்த இரண்டு ஆண்டும் 15. 2025-இல் மறுபடி 14, 2026-இல் 15. காரைக்கால் கடைத்தெருவில் விற்கிற தினசரி காலண்டரில் ஆங்கிலத் தேதி கொட்டை எழுத்தில் இருக்கும்; தமிழ் மாதமும் தேதியும் அதற்குக் கீழே பொடி எழுத்தில் இருக்கும்; ஹிஜ்ரி தேதி ஓரமாக ஒண்டிக்கொண்டிருக்கும். அந்தத் தாளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, கொட்டை எழுத்துதான் அசையாதது, பொடி எழுத்துதான் அதைச் சுற்றி முன்னும் பின்னும் ஆடுகிறது என்று தோன்றும். பஞ்சாங்கக்காரர்கள் குழப்புகிறார்கள் என்ற பேச்சும் அதிலிருந்துதான் கிளம்புகிறது. ஆனால் கணக்கைப் பிரித்துப் பார்த்தால், முன்னும் பின்னும் போகிற அந்த ஆட்டம் ஆங்கிலக் காலண்டருடையது. தமிழ்க் கணக்கு ஒரே திசையில், ஒரே சீராக நகர்கிறது.

தமிழ் மாதம் பிறப்பது ஒரு கிழமையிலோ தேதியிலோ அல்ல, ஒரு நொடியில். சூரியன் ஒரு ராசியை விட்டு அடுத்ததில் நுழையும் அந்த நொடிக்குச் சங்கராந்தி என்று பெயர். பூமி ஜூலைத் தொடக்கத்தில் சூரியனிலிருந்து அதிகத் தொலைவில் மெதுவாகச் செல்கிறது, ஜனவரித் தொடக்கத்தில் அருகில் வேகமாகச் செல்கிறது. அதனால் ஆனி மாதத்தைக் கடக்கச் சூரியனுக்கு முப்பத்தொன்றரை நாளுக்கு மேல் ஆகிறது. மார்கழிக்கு இருபத்தொன்பதரை நாள்கூட ஆவதில்லை. ஆனிக்குச் சில ஆண்டுகளில் 32 நாள் வருவதும், மார்கழி 29 நாளில் முடிவதும் இதனால்தான். நொடியை நாளாக மாற்ற ஒரு விதி வேண்டும். தமிழ் வழக்கில் அந்த விதி எளிது: சூரியன் மறைவதற்கு முன் சங்கராந்தி நேர்ந்தால் அன்றே ஒன்றாம் தேதி, மறைந்த பிறகு நேர்ந்தால் மறுநாள். கேரளத்து வழக்கு வேறு. ஒரே புதுச்சேரி ஆட்சிப் பகுதிக்குள் காரைக்காலில் சித்திரைப் பிறப்பு ஏப்ரல் 14-இலும், மாஹேயில் விஷு 15-இலும் சில ஆண்டுகள் வருவதற்குக் காரணம், நாளைத் தீர்மானிக்கும் வழக்கு வேறுபடுவதே.

இனி தை மாதத்தைப் பார்ப்போம். வாக்கியப் பஞ்சாங்கத்தின் ஆண்டுக்கு 365 நாளும் சுமார் 6 மணி 12 நிமிடமும். எனவே மகர சங்கராந்தி ஒவ்வோர் ஆண்டும் முந்தைய ஆண்டைவிட ஆறு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகப் பிந்தும். அந்தக் கணக்கில் 2025 ஜனவரி 14 நண்பகலை ஒட்டிச் சங்கராந்தி. பகல் என்பதால் பொங்கல் அன்றே. 2026-இல் அதே 14-ஆம் தேதி மாலை ஆறரையை ஒட்டி. காரைக்காலில் அந்த நாட்களில் ஆறு மணி வாக்கில் சூரியன் மறைந்துவிடும், ஆகவே பொங்கல் 15-க்குப் போயிற்று. 2027-இல் நள்ளிரவு கடந்து, 2028-இல் காலையில். இரண்டும் 15-ஆம் தேதிதான். அதன் பின் 2028 பிப்ரவரியில் ஆங்கிலக் காலண்டர் 29-ஆம் நாளைச் செருகும்போது, தேதி ஒரு நாள் பின்னுக்கு இழுக்கப்பட்டு 2029-இல் மறுபடி 14-ஆம் தேதி பகலுக்கு வந்து சேர்கிறது. ஆனால் முழுதாகப் பழைய நேரத்துக்கு வருவதில்லை. நாலு ஆண்டுக்கு ஒரு முறை சுமார் 50 நிமிடம் மிஞ்சுகிறது. 2022-இல் சூரியன் மறைவதற்குச் சற்று முன் விழுந்த சங்கராந்தியை 2026-இல் மறைவுக்குப் பின்னே தள்ளியது அந்த 50 நிமிடம்தான்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு உண்டு. நவீன வானியலை ஒட்டிய திருக்கணிதப்படி 2026-இல் சங்கராந்தி பிற்பகல் மூன்று மணி கடந்த சில நிமிடங்களிலேயே நடந்துவிட்டது. அப்படியானால் 14-ஆம் தேதியல்லவா பொங்கல்? ஆம், திருக்கணிதத்தைப் பிடித்தால் அதுவே விடை. அரசு விடுமுறையும் பெரும்பாலான காலண்டர்களும் 15 என்று சொன்னது வாக்கியத்தோடு ஒத்துப்போகிறது. இந்தப் பிளவு காரைக்காலுக்குப் புதிதல்ல. 2025 மார்ச் 29-இல் சனிப்பெயர்ச்சி என்று ஊரெல்லாம் பேசியபோது, திருநள்ளாறு கோயில் தாங்கள் வாக்கியத்தைப் பின்பற்றுவதாகவும் பெயர்ச்சி 2026-இல்தான் என்றும் அறிவிக்க வேண்டியிருந்தது. சூரியனுக்கு மூன்று மணி நேரச் சண்டை, சனிக்கு ஏறத்தாழ ஓராண்டுச் சண்டை! இதற்குக் காரணம் இருக்கிறது. சூரியன் ஒரு நாளில் ஒரு பாகை நகர்கிறது. சனி ஒரு பாகை நகரச் சராசரியாக ஒரு மாதம் ஆகும். கிரகத்தின் இருப்பிடத்தில் அதே ஒரு பாகை தவறினால் சூரியனுக்கு ஒரு நாள் தவறும், சனிக்கு ஒரு மாதம் தவறும். போதாததற்குச் சனியின் இருப்பிடத்தில் வாக்கியத்தின் பிழை சில பாகைகள். எனவே திருநள்ளாற்றுச் சர்ச்சையை வைத்து வாக்கியத்தின் மாதப்பிறப்புகளும் அப்படியே தாறுமாறு என்று முடிவு கட்டுவது சரியல்ல. பெரும்பாலான ஆண்டுகளில் இரு முறைகளும் ஒரே நாளையே தருகின்றன; சங்கராந்தி சூரிய மறைவை ஒட்டி விழுகிற ஆண்டுகளில்தான் பிரிகின்றன.

இதைவிடக் கனமான மறுப்பு, இரு பஞ்சாங்கங்களுக்கும் சேர்த்தே வருவது. இரண்டும் சூரியனை நட்சத்திரங்களை வைத்து அளக்கின்றன. பருவங்கள் அப்படி நடப்பதில்லை. பூமியின் அச்சு மெல்லத் தலைசுற்றுவதால் நட்சத்திர ஆண்டு பருவ ஆண்டைவிடச் சுமார் 20 நிமிடம் நீளம்; வாக்கியம் அதில் இன்னும் மூன்று நிமிடத்தைக் கூட்டிவிடுகிறது. ஏறத்தாழ 62 ஆண்டுக்கு ஒரு நாள். பிரெஞ்சுக்காரர்கள் காரைக்காலைப் பெற்ற 1739-இல் வாக்கியக் கணக்குப்படி சித்திரை முதல் நாள் அவர்களுடைய காலண்டரில் ஏப்ரல் 10, இன்று 14. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. கடலூரருகே தேவனாம்பட்டினத்துக் கோட்டையில் இருந்த ஆங்கிலேயர் அப்போது பழைய ஜூலியன் காலண்டரையே வைத்திருந்ததால், அதே நாளை அவர்கள் மார்ச் 30 என்று எழுதியிருப்பார்கள். 1752 செப்டம்பரில் அவர்கள் 2-ஆம் தேதிக்கு அடுத்து 14-ஆம் தேதிக்குத் தாவினார்கள். சித்திரை அதற்கெல்லாம் அசையவில்லை.

உத்தராயணம் டிசம்பர் 21, 22-லேயே தொடங்கிவிட, தை பிறப்பது மூன்று வாரத்துக்கும் மேல் பிந்தி நிற்பது இந்த நகர்வின் விளைவே. மேக்நாத் சாகா தலைமையிலான காலண்டர் சீர்திருத்தக் குழு இதைக் களையத்தான் பருவத்தோடு கட்டிய தேசியக் காலண்டரைப் பரிந்துரைத்தது. 1957 மார்ச் 22 முதல் அது அரசாணைகளில் இருக்கிறது. அரசலாற்றங்கரையில் ஆடிப்பெருக்குக் கொண்டாடுபவர் யாரும் அதைப் புரட்டுவதில்லை. அதில் பெரிய தவறும் இல்லை என்பது என் எண்ணம். ஒரு மனித ஆயுளில் ஒரு நாள் நகர்கிற மாதம் விதைப்பையோ அறுவடையையோ கெடுக்காது. டெல்டாவில் சாகுபடியைத் தீர்மானிப்பது மேட்டூர் அணை திறப்பும் மழையும்தான்.

நகர்வு இருக்கிறதென்று தெரிந்து வைத்துக்கொண்டால் போதும், காலண்டர் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. வாக்கியக் கணக்கில் 2027, 2028 இரண்டிலும் பொங்கல் ஜனவரி 15. 2029-இல் 14, 2030-இல் மறுபடி 15. லீப் ஆண்டுக்கு அடுத்த ஆண்டில் மட்டும் எஞ்சியிருக்கிற இந்த 14-ஆம் தேதியும் 2050-களில் போய்விடும். 2100-இல் ஆங்கிலக் காலண்டருக்கு லீப் நாள் கிடையாது என்பதால், அதன் பிறகு எல்லா மாதப்பிறப்புகளும் ஒரே தாவலில் ஒரு தேதி முன்னே போகும்.