'கொன்னுடுவேன்டா 😂': இதை எப்படி மொழிபெயர்ப்பது?

குரோம்பேட்டை நடைமேடையில் ஒருவர் நிற்கிறார். தாம்பரத்தில் ஏறி வரவேண்டிய நண்பரைக் காணோம். இருவருக்கும் வாட்ஸ்அப்பில் இப்படி ஓடுகிறது. விளக்குவதற்காக நானே கட்டிய உரையாடல்தான், ஆனால் தினமும் காலையில் இந்தப் பக்கம் நூறு செல்போன்களில் ஓடுவது.

"மச்சி எங்கடா இருக்க"
"ஏறிட்டேன்டா, சானடோரியம் தாண்டியாச்சு 🙏"
"சீன் போடாத. நீ இன்னும் பெட்லதான இருக்க. கொன்னுடுவேன்டா 😂"
"👍"

மூலத்தில் எல்லாமே ஆங்கில எழுத்தில் அடித்த தமிழ். இதன் ஸ்கிரீன்ஷாட், தாமதத்துக்குக் காரணம் கேட்ட ஒரு மேலாளரிடம் போகிறது. அவருக்குத் தமிழ் தெரியாது. ஆங்கிலத்தில் வேண்டும் என்கிறார்.

முதல் வேலை, வாய்விட்டுப் படித்துத் தமிழ் எழுத்தில் எழுதிக்கொள்வது. இதைத் தாண்டிக் குதிப்பவர்கள்தான் பெரும்பாலும் சறுக்குகிறார்கள். ஆங்கில எழுத்தில் குறில், நெடில் பெரும்பாலும் காட்டமாட்டார்கள். ல, ள இரண்டுக்கும் ஒரே எழுத்துதான், பல நேரம் ழவுக்கும் அதுவேதான். பி-ஓ-டி-ஏ என்று அடித்தால் அது 'போடா'வாகவும் இருக்கலாம், டிக்கெட் 'போட'வாகவும் இருக்கலாம். முன்பின் வரிகளைப் பார்த்து இங்கேயே முடிவு கட்டிவிட வேண்டும்.

அடுத்து ஊர். 'சானடோரியம் தாண்டியாச்சு' என்பதை அப்படியே ஆங்கிலத்தில் வைத்தால், ஆள் ஏதோ காசநோய் மருத்துவமனையைக் கடந்து வருகிறார் என்றுதான் படும். அந்தப் பெயர் வந்தது 1928இல் தொடங்கிய காசநோய் மருத்துவமனையால்தான் என்பது உண்மை. ஆனால் இங்கே அது தாம்பரத்துக்கும் குரோம்பேட்டைக்கும் நடுவில் உள்ள ரயில் நிலையம். அதைத் தாண்டிவிட்டேன் என்றால், அடுத்தது நீ நிற்கிற இடம்தான், இதோ வந்துவிட்டேன் என்று பொருள். பெயரை மாற்றாமல், 'ஸ்டேஷன்' என்ற சொல்லை மட்டும் ஒட்டினால் போதும். கூடவே வரும் 🙏 வணக்கம் அல்ல, கெஞ்சல்.

'சீன் போடாத' ஒரு கண்ணி. பாதி ஆங்கிலம் ஏற்கெனவே இருப்பதால், 'டோன்ட் கிரியேட் எ சீன்' என்று கை தானாக எழுதிவிடும். ஆங்கிலத்தில் அதற்குப் பொருள், நாலு பேர் பார்க்கக் கூச்சல் போடாதே என்பது. நம் ஊர்ச் சீன் வேறு: நடிக்காதே, பீலா விடாதே. 'ஸ்டாப் ஆக்டிங்' ஓரளவு பொருந்தும். 'பெட்லதான இருக்க' என்பதில் உள்ள 'தான', 'ஆமாம்னு சொல்லு பார்ப்போம்' என்று மடக்குகிற ஒலி. ஆங்கிலத்தில் வாக்கியக் கடைசியில் 'ஆரன்ட் யூ' என்று கேட்டால் அந்த மடக்கல் வந்துவிடுகிறது.

இனி 'கொன்னுடுவேன்டா'. நல்லவேளை, ஆங்கில நண்பர்களும் இப்படித்தான் மிரட்டிக்கொள்கிறார்கள். ஆனால் 'ஐ வில் கில் யூ' என்று முழுசாக எழுதினால் காவல் நிலைய வாசனை அடிக்கும். 'ஐல் கில் யூ' என்று சுருக்கினால் பேச்சாகிவிடும். 'டா'வுக்கு நேர்ச்சொல் கிடையாது. 'டியூட்' போட்டால் குரோம்பேட்டைக்காரர் கலிபோர்னியாக்காரர் ஆகிவிடுகிறார். எனக்குச் சரியாகப் படுவது, அதை விட்டுவிட்டு, அதோடு போகும் நெருக்கத்தை வாக்கியங்களைக் கட்டையாக்கி ஈடுகட்டுவது. மச்சியை 'பிரதர் இன் லா' ஆக்குபவர்களைப் பற்றிப் பேச வேண்டியதில்லை.

😂 இருந்த இடத்திலேயே இருக்கட்டும். அச்சில் அது வெறும் கட்டமாகிவிடும் என்றால், 'கண்ணீர் வரச் சிரிக்கும் முகம்' என்று உருவத்தை எழுத வேண்டும். 'விளையாட்டாகச் சொன்னார்' என்று எழுதினால் அது மொழிபெயர்ப்பல்ல, தீர்ப்பு.

தீர்ப்பு என்றதும் கடைசி வரியின் 👍 நினைவுக்கு வருகிறது. ரயில்வே பாதுகாப்புப் படையில் ஓர் அதிகாரி கொல்லப்பட்டது பற்றி வாட்ஸ்அப் குழுவில் வந்த செய்திக்குக் கட்டை விரலைப் போட்டதற்காக, ஒரு காவலர் வேலையை இழந்தார். கொலையைக் கொண்டாடினார் என்றது நிர்வாகம். செய்தியைப் பார்த்துவிட்டேன் என்பதற்குத்தான் போட்டேன் என்றார் அவர். 2024இல் சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. அந்தக் குறியைப் 'பாராட்டு' என்று யாராவது எழுத்தில் மாற்றி வைத்திருந்தால், வாதாடவே இடம் இருந்திருக்காது.

வழக்குக்குப் போகும் ஸ்கிரீன்ஷாட் என்றால் வேலை இன்னும் வறட்சியானது. அனுப்பியவர், நேரம், மூலவரி, தமிழ் எழுத்து வடிவம், நேர்ப்பொருள் எல்லாம் தனித்தனிக் கட்டத்தில். வழக்குச்சொல் விளக்கம் அடிக்குறிப்பில். 'நீக்கப்பட்ட செய்தி' என்று திரையில் வந்தால் அதுவும் ஒரு வரிதான். பாதியில் வெட்டிய படமாக இருந்தால், மேலே என்ன இருந்தது என்று ஊகிக்காமல், வெட்டியிருக்கிறது என்றே எழுத வேண்டும்.

முடித்தபின் ஒரு சோதனை உண்டு. மூலத்தைப் பார்க்காத ஒருவரிடம் ஆங்கிலத்தை மட்டும் கொடுத்து, "இவங்க ரெண்டு பேரும் சண்டையா, கலாய்க்கிறாங்களா?" என்று கேளுங்கள். சண்டை என்றால் பெரும்பாலும் கோளாறு மூன்றாம் வரியில் இருக்கும். நம் உதாரணத்தில் அந்த 👍 சரி என்கிறதா, மாட்டிக்கொண்டேன் என்கிறதா என்பதை அனுப்பியவரைத்தான் கேட்க வேண்டும். அவர் இன்னும் எழுந்திருக்கவில்லை.