துரைக்குத் தெரிந்தது பாதிதான்

மண்டோர் வேலைக்கு நேர்முகம் என்றால் நம்மவர் பலர், "20 வருசமா குலை வெட்டுறேன், ஐயாவுக்கே தெரியும்" என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். தெரியும்தான்! நல்ல வெட்டுக்காரரை மண்டோராக்கினால் வெட்டு குறையுமே என்ற கணக்கும் துரைக்கு உண்டு.

ஆகவே உங்கள் நிரையை விடுங்கள், தோட்டத்தைப் பேசுங்கள். "மழையில 10 நாள் சுற்று 16 நாளாச்சுங்க. மரத்தடியெல்லாம் உதிரிப்பழம். பழுத்த பக்கத்தை முதல்ல வெட்டி, பொறுக்க ரெண்டு பேரைக் கூட்டியிருக்கலாம். வெட்டாம விட்ட பழக்குலை, தப்பா வெட்டின காய்க்குலை, ரெண்டையும் நிரைவாரியா எழுதியிருக்கேன்" என்று நோட்டுப் புத்தகத்தைக் காட்டுங்கள்.

அதில் நிரை எண் போதும். வெட்டியவர் பெயர் வேண்டாம். நாளைக்கு உங்கள் பிரட்டில் நிற்கப் போகிறவர் அவர்.