ஜன்னலோரம் கிடந்த ரத்தக்குழாய்

1956ஆம் ஆண்டு கோடைக்காலம். இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் பகுதியில் உள்ள ராக்ஃபோர்டு மருத்துவமனையில், பிறந்த சில நாட்களிலேயே உடம்பெல்லாம் மஞ்சளாகிப்போன ஒரு குழந்தைக்கு ரத்தம் மாற்ற ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. அதற்கு முன் எடுத்த ரத்தத்தில் பிலிருபின் 100 மில்லிலிட்டருக்கு 13 முதல் 14 மில்லிகிராம் என்று லேப் சொன்னது. குழந்தையின் நிறத்தைப் பார்த்த மருத்துவர்களுக்கு அது நம்பும்படியாக இல்லை. புதிதாக ரத்தம் எடுத்து அனுப்பினார்கள். இந்த முறை வந்த அளவு 24. முதல் குழாயில் மிச்சமிருந்த ரத்தத்தையும் மறுபடி சோதித்தார்கள். அது இப்போது 9 ஆகியிருந்தது!

லேபில் பிழை இல்லை. அந்தக் குழாய் எடுத்துச்செல்ல ஆள் வரும்வரை ஜன்னலோரத்தில் வெயிலில் பல மணி நேரம் கிடந்திருந்தது. அவ்வளவுதான் நடந்தது.

சில வாரங்களுக்கு முன்புதான் அதே மருத்துவமனையில் இன்னொன்று கண்ணில் பட்டிருந்தது. குறைமாதக் குழந்தைகளை வெயிலில் வைத்துப் பார்த்துக்கொண்ட செவிலியர் சிஸ்டர் ஜீன் வார்டு, ஒரு குழந்தையை மருத்துவர்களிடம் காட்டினார். உடல் முழுவதும் வெளிறியிருக்க, துணியின் மூலை மறைத்த இடத்தில் மட்டும் முக்கோண வடிவில் அடர்மஞ்சள் நின்றிருந்தது. தோலில் மஞ்சளைக் கரைத்ததும் குழாயில் அளவைக் கெடுத்ததும் ஒரே ஒளிதான் என்று மருத்துவர் ரிச்சர்ட் கிரீமரும் உடனிருந்தவர்களும் புரிந்துகொண்டார்கள். 1958இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரையிலிருந்துதான் இன்று குழந்தைகள் வார்டில் எரியும் நீல விளக்குச் சிகிச்சை பிறந்தது. லேபுக்கும் அந்தக் குழாய் ஒரு பாடம்: பிலிருபின் மாதிரியை வெளிச்சத்தில் வைக்கக் கூடாது.

வயதான சிவப்பணுக்கள் உடையும்போது அவற்றிலுள்ள ஹீமிலிருந்து உண்டாகும் மஞ்சள் பொருளே பிலிருபின். அது தண்ணீரில் கரையாது. அதனால் ரத்தத்திலுள்ள ஆல்புமின் என்ற புரதத்தைப் பற்றிக்கொண்டு கல்லீரலுக்குப் போகிறது. கல்லீரல் அதனுடன் குளுக்குரோனிக் அமிலத்தைச் சேர்த்துத் தண்ணீரில் கரையும்படி மாற்றி, பித்தத்தோடு குடலுக்கு அனுப்புகிறது. ஆக, ரத்தத்தில் இரண்டு வகை பிலிருபின் இருக்கலாம்: கல்லீரலுக்குள் போகும் முன் இருப்பது ஒன்று, கல்லீரல் பக்குவப்படுத்தியது மற்றொன்று. ரிப்போர்ட்டில் வரும் ‘டோட்டல்’, ‘டைரக்ட்’ என்ற இரண்டு வரிகளும் இதைத்தான் பிரித்துச் சொல்கின்றன.

அந்தப் பெயர்கள் வந்த கதை சோதனைக்குள்ளேயே இருக்கிறது. சல்ஃபானிலிக் அமிலத்தையும் சோடியம் நைட்ரைட்டையும் அமிலத்தில் கலந்தால் டயசோ கரைசல் கிடைக்கும். பிலிருபினோடு அது சேர்ந்தால் நிறம் மாறுகிறது என்று பால் எர்லிக் 1883இல் கண்டார். 1913இல் நெதர்லாந்து மருத்துவர் ஹைமான்ஸ் வான் டென் பெர்க் இதைச் சீரத்துக்குக் கொண்டுவந்தார். அவர் ஆல்கஹால் சேர்த்துத்தான் சோதித்தார். சில நோயாளிகளின் சீரமோ ஆல்கஹால் இல்லாமலே நிறம் தந்தது. 1916இல் அவரும் முல்லரும் அதற்கு ‘நேரடி’ என்றும், ஆல்கஹால் கேட்டதற்கு ‘மறைமுக’ என்றும் பெயர் வைத்தார்கள். அந்த டைரக்டும் இன்டைரக்டும் இன்றுவரை நிற்கின்றன.

ஏன் ஒன்றுக்குத் துணை வேண்டும், மற்றொன்றுக்கு வேண்டாம்? கல்லீரலுக்குப் போகாத பிலிருபின் மூலக்கூறு தனக்குள்ளேயே மடிந்து கிடக்கிறது. டயசோ வந்து வெட்ட வேண்டிய நடு இணைப்பு அந்த மடிப்புக்குள் மறைந்துவிடுகிறது. குளுக்குரோனிக் அமிலம் ஒட்டிய மூலக்கூறால் அப்படி மடிய முடியாது. டயசோ நேராகப் போய்ச் சேர்ந்துவிடும்.

இன்றும் பல லேப்களில் பின்பற்றப்படும் முறை, 1938இல் யெண்ட்ராசிக்கும் குரோஃபும் தந்தது. சீரம் இரண்டு குழாய்களில் எடுக்கப்படுகிறது. ஒன்றில் காஃபீனும் சோடியம் பென்சோயேட்டும் சேர்க்கிறார்கள். காபியில் இருக்கும் அதே காஃபீன்தான். இங்கே அதன் வேலை மடிப்பை அவிழ்த்து, ஆல்புமினின் பிடியைத் தளர்த்துவது. அதன்மேல் டயசோ கரைசலை விட்டால் இரண்டு வகையும் சேர்ந்து நிறம் தரும். அது டோட்டல். காஃபீன் இல்லாத மற்ற குழாயில் வரும் நிறம் டைரக்ட். கடைசியில் காரக் கரைசல் ஊற்றியதும் இளஞ்சிவப்பு நீலமாக மாறும். அந்த நீலத்தின் அடர்த்தியைக் கருவி அளக்கிறது. டோட்டலில் டைரக்ட்டைக் கழித்தால் வருவது இன்டைரக்ட்.

டைரக்ட் குழாயில் கடிகாரம் முக்கியம். நேரம் கூடிப்போனால் மடிந்திருந்த வகையும் மெதுவாக வினைபுரிந்து, டைரக்ட் அளவைப் பொய்யாக ஏற்றிவிடும். அதனால்தான் குறித்த நிமிடத்தில் வினையை நிறுத்துகிறார்கள். ரத்தம் எடுக்கும்போது சிவப்பணு உடைந்து சீரம் சிவந்தாலும் சிக்கல். ஹீமோகுளோபின் டயசோவுக்குக் குறுக்கே நின்று அளவைக் குறைத்துக் காட்டும்.

இந்த இரண்டு எண்களால் என்ன பயன் என்று ஓர் எடுத்துக்காட்டில் பார்க்கலாம். பிறந்து நான்கு நாளான குழந்தைக்கு டோட்டல் 18, டைரக்ட் 0.6. ஏறக்குறைய எல்லாமே இன்டைரக்ட். கல்லீரல் இன்னும் வேகம் பிடிக்கவில்லை, அல்லது சிவப்பணுக்கள் அதிகம் உடைகின்றன. இங்கே நீல விளக்கு பலன் தரும். ஆறு வாரக் குழந்தைக்கு டோட்டல் 7, டைரக்ட் 4.5. மொத்தம் குறைவுதான், ஆனால் இதுதான் அவசரம். கல்லீரல் தன் வேலையைச் செய்தும் பித்தம் வெளியேற வழியில்லை என்று டைரக்ட் சொல்கிறது. காரணம் பித்தநாளமே அடைபட்டிருப்பதாகவும் இருக்கலாம். அதற்கான அறுவைச் சிகிச்சை, குழந்தைக்கு இரண்டு மாதம் ஆவதற்குள் நடந்தால் பலன் கூடும்.

இனி வெளிச்சத்துக்கு வருவோம். 18 இருக்கவேண்டிய அந்த நான்கு நாள் குழந்தையின் மாதிரி வெயிலில் கிடந்து 11 என்று வந்தால், விளக்கே வேண்டாம் என்று வீட்டுக்கு அனுப்பிவிட வாய்ப்புண்டு. ஏறும் பிலிருபின் மூளையைத் தாக்கக்கூடியது என்பதால் அந்தத் தவறைத் திருத்த முடியாமலே போகலாம். நேரடி வெயிலில் ஒரு மணி நேரத்தில் அளவு பாதிவரை குறையலாம். குதிகாலில் குத்தி எடுக்கும் மெல்லிய குழாயில் ரத்தம் சில துளிகளே என்பதால் ஒளி எளிதாக ஊடுருவும். அளவு குறைந்த ரிப்போர்ட்டைப் பார்த்து மட்டும் யாரும் இதைக் கண்டுபிடிக்க முடியாது. ராக்ஃபோர்டில் நடந்தது போல, குழந்தையின் நிறமும் எண்ணும் பொருந்தாதபோதுதான் சந்தேகம் வரும்.

காப்பது எளிது. எடுத்த உடனே குழாயை அலுமினியத் தாளிலோ கருப்புத் தாளிலோ சுற்ற வேண்டும். விளக்குச் சிகிச்சையில் இருக்கும் குழந்தையிடம் ரத்தம் எடுக்கும்போது விளக்கை அணைத்துவிட வேண்டும். சோதனை தாமதமானால் சீரத்தைப் பிரித்து, இருட்டில், குளிர்பதனப் பெட்டியில் வைக்க வேண்டும்.

பெற்றோர் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. பிறந்து இரண்டு வாரம் தாண்டியும் மஞ்சள் போகவில்லை என்றாலோ மலம் வெளுத்துப் போனாலோ, டோட்டலோடு டைரக்ட்டும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். ரத்தம் எடுத்த குழாய் மேசைமேல் வெளிச்சத்தில் கிடந்தால், சுற்றி வையுங்கள் என்று தயங்காமல் சொல்லுங்கள்.