நான்கு மணிக்குள் முடியுமா?

காலை 8 மணிக்குத் தொடங்கி மாலை 4 மணிக்குக் குழு வீட்டுக்குப் போக வேண்டிய ஓர் ஆபரேஷன் தியேட்டரை எடுத்துக்கொள்வோம். கையில் இருப்பது 480 நிமிடம். அன்றைய லிஸ்டில் தைராய்டு ஒன்று, பித்தப்பை இரண்டு, ஹெர்னியா ஒன்று. மயக்க மருந்து கொடுப்பதில் தொடங்கி நோயாளி வெளியே போகும்வரை சராசரியாக முறையே 130, 90, 90, 70 நிமிடம் ஆகும் என்று வைத்துக்கொண்டால், மொத்தம் 380. இன்னும் 100 நிமிடம் மிச்சம் இருக்கிறதே, 40 நிமிடத்தில் முடியும் சின்ன கேஸ் ஒன்றையும் சேர்க்கலாமே என்று தோன்றும்.

அந்த மிச்சம் முழுதாகக் கையில் இல்லை. ஒரு நோயாளி வெளியே போனபின் தரையையும் மேசையையும் துடைத்து, புதிய கருவிகளை எடுத்து வைத்து, அடுத்தவரை உள்ளே கொண்டுவர 20 நிமிடமாவது ஆகும். நான்கு கேஸுக்கு மூன்று இடைவெளி, அதாவது 60 நிமிடம். லிஸ்ட் 440-க்கு வந்துவிட்டது. ஐந்தாவதைச் சேர்த்தால் அதன் 40 நிமிடத்தோடு இன்னொரு 20 நிமிடமும் வேண்டும், மொத்தம் 500.

சரி, 440-உடன் நிறுத்தினால் நிச்சயம் முடியுமா? அதுவும் இல்லை. ஒட்டிப்போன பித்தப்பை அரை மணி கூடுதலாக இழுக்கும். இன்னொன்று சீக்கிரமே முடியும். ஜெய்தீப் பாண்டிட், தவாரே என்ற இருவர் 2011-ல் வெளியிட்ட ஆய்வு, சராசரியோடு இந்த ஏற்ற இறக்கத்தையும் கணக்கில் எடுக்கச் சொன்னது. நான்கும் ஒரே நாளில் இழுத்துக்கொண்டு போவது அரிது. எனவே விலகல்களை அப்படியே கூட்டாமல், வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுப்பார்கள். தைராய்டுக்கு 40, பித்தப்பைக்கு 30, ஹெர்னியாவுக்கு 20 நிமிடம் விலகல் என்றால் லிஸ்ட் முழுவதற்கும் ஏறக்குறைய 62. இதன்படி 4 மணிக்குள் முடிய நான்கில் மூன்று பங்கு வாய்ப்பு. ஐந்தாவது கேஸும் சேர்ந்தால் அது மூன்றில் ஒரு பங்கை ஒட்டி இறங்கிவிடும்.

'இன்னும் வேகமாகத் துடைத்தால் என்ன?' என்பது நிர்வாகங்கள் வழக்கமாகக் கேட்பது. ஓர் இடைவெளிக்கு 5 நிமிடம் குறைத்தாலும் மிஞ்சுவது 15 நிமிடம்தான். அதில் ஒரு கேஸும் அடங்காது; துப்புரவாளரை விரட்டியதுதான் மிச்சம்.

வரிசையில்தான் கவனம் வேண்டும். குழந்தை, நீரிழிவு நோயாளி போன்றவர்களுக்கு முன்னுரிமை இல்லாத நாளில், அதிகம் இழுக்கக்கூடிய தைராய்டை முதலில் வைப்பது நல்லது. அது 10:10-க்குப் பதில் 11:10-க்கு முடிந்தால், லிஸ்ட் 4:20-க்குப் போகும் என்று அப்போதே தெரிந்துவிடும். ஹெர்னியாவை வேறு தியேட்டருக்கு மாற்றலாம், யார் தங்குவார்கள் என்று கேட்கலாம். எதுவும் முடியாவிட்டால், முந்தைய இரவிலிருந்து பட்டினி கிடக்கும் அந்த நோயாளியிடம் காரணத்தைச் சொல்லி, அடுத்த தேதியையும் கொடுத்து, மதியச் சாப்பாட்டுக்கு அனுப்பலாம். தைராய்டு கடைசியில் இருந்தால், இழுக்கிறது என்று தெரியும்போது அவர் மேசையில் இருப்பார். குழுவுக்கு மாற்று வழியே இராது.